மூச்சைக் கூட்டும் முடிச்சு

1926. ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட்டில் பெர்னாண்டோ தெ காஸ்ட்ரோ என்ற முப்பது வயது மருத்துவர், வெள்ளி உப்பால் சாயமேற்றிய திசுச் சீவல்களை நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொன்றாக ஆராய்ந்துகொண்டிருந்தார். நரம்பணுக்களின் வடிவத்தை உலகுக்குக் காட்டி நோபல் பரிசு பெற்ற ரமோன் இ காஹாலின் மாணவர் அவர். அவர் பார்த்த சீவல்கள் கழுத்திலிருந்து எடுத்தவை. இதயத்திலிருந்து தலைக்கு ஏறும் கரோட்டிட் தமனி, தாடைக்குக் கீழே இரண்டாகப் பிரியும் இடத்தில் அரிசி மணி அளவில் ஒரு சின்ன முடிச்சு ஒட்டிக்கொண்டிருக்கும். வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. ஒவ்வொன்றும் எடையில் பத்துப் பதினைந்து மில்லிகிராம்தான்.

இந்த முடிச்சு 1743-லேயே ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பதிவாகிவிட்டது. ஆனால் அது எதற்கு இருக்கிறது என்பது அதற்குப் பிறகும் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு விளங்கவில்லை. சிலர் நரம்பு முடிச்சு என்றார்கள். சிலர் அட்ரினல் போல ஏதோ ஒரு சுரப்பி என்றார்கள். சுரப்பி என்ற கருத்துதான் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வலுவாக இருந்தது.

தெ காஸ்ட்ரோவின் கண்ணுக்கு அது சுரப்பியாகத் தெரியவில்லை. அதன் செல்கள் குட்டிக் குட்டிக் கொத்துகளாக இருந்தன. ஒவ்வொரு கொத்தையும் மெல்லிய இரத்தக் குழாய்கள் நெருக்கமாகச் சூழ்ந்திருந்தன. ஏராளமான நரம்பு இழைகள் உள்ளே நுழைந்து அந்தச் செல்களைத் தழுவியபடி முடிந்தன. வெறும் சுரப்பிக்கு இத்தனை நரம்புகள் எதற்கு? அவை மூளையின் கட்டளையை முடிச்சுக்குக் கொண்டுவருகின்றனவா, அல்லது முடிச்சின் செய்தியை மூளைக்குக் கொண்டுபோகின்றனவா? நுண்ணோக்கியில் இழையின் வடிவம் தெரியும். செய்தி எந்தத் திசையில் ஓடுகிறது என்பது தெரியாது. அதைக் கண்டுபிடிக்க அவர் கத்தியைக் கையில் எடுத்தார்.

நரம்பு இழை தன் தாய்ச் செல்லிலிருந்து துண்டிக்கப்பட்டால் சில நாள்களில் சிதைந்துபோகும். தாய்ச் செல்லோடு ஒட்டியிருக்கும் பகுதி பிழைத்துக்கொள்ளும். இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு அவர் விலங்குகளில் இரண்டு விதமாக நரம்பை வெட்டிப் பார்த்தார். முடிச்சுக்கு வருவது ஒன்பதாவது மூளை நரம்பின் கிளை. நாக்கின் பின்பகுதியிலிருந்தும் தொண்டையிலிருந்தும் உணர்வைக் கொண்டுசெல்வதும் அதே நரம்புதான். அது மண்டை ஓட்டுக்குள் நுழையும் இடத்துக்கு அருகே உணர்வு நரம்பணுக்கள் ஒரு திரளாக இருக்கின்றன. அந்தத் திரளுக்கும் முடிச்சுக்கும் நடுவே கழுத்தில் வெட்டியபோது, முடிச்சுக்குள் இருந்த நரம்பு முனைகள் சிதைந்தன. அடுத்து மண்டைக்குள்ளேயே போய், திரளுக்கும் மூளைத்தண்டுக்கும் நடுவே வெட்டினார். நாள்கள் கழிந்தும் முடிச்சின் நரம்பு முனைகள் சேதமின்றி இருந்தன.

அந்த இழைகளின் தாய்ச் செல்கள் மூளைத்தண்டில் இருந்திருந்தால் இரண்டாவது வெட்டில் அவை அழிந்திருக்க வேண்டும். அழியவில்லை. ஆகவே தாய்ச் செல்கள் வெளியே உள்ள திரளில் இருக்கின்றன. இழைகள் உணர்வு நரம்பைச் சேர்ந்தவை. செய்தி முடிச்சிலிருந்து மூளைக்குப் போகிறது. 1928-இல் இதை வெளியிட்ட தெ காஸ்ட்ரோ, அந்தச் செல்கள் இரத்தத்தின் வேதித் தன்மையைச் சுவைத்துப் பார்ப்பவையாக இருக்கலாம் என்றும் எழுதினார். பிற்காலத்தில் சிலர் இந்த முடிவை மறுத்துப் பார்த்தார்கள். ஆனால் வெட்டிய பிறகு போதுமான நாள் காத்திருந்து, கவனமாகத் திரும்பச் செய்தவர்களுக்கு அவர் கண்டதே கிடைத்தது.

செல்கள் உண்மையிலேயே சுவைக்கின்றனவா என்பதை நிரூபித்தது பெல்ஜியத்தின் கென்ட் நகரம். அங்கே மருந்தியல் பேராசிரியர் ஜான் பிரான்சுவா ஹேமான்ஸும் அவர் மகன் கொர்னேயும் நாய்களில் துணிச்சலான ஒரு சோதனையைச் செய்துவந்தார்கள். ஒரு நாயின் தலைக்கு வேறொரு நாயின் இரத்தம் ஊட்டப்படும். தலையையும் அதன் சொந்த உடலையும் இணைத்து வைப்பது நரம்பு மட்டுமே. உடலில் உள்ள இரத்தம் தலைக்கு ஏறாது. இந்த நிலையில் உடலுக்குப் போகும் ஆக்சிஜனைக் குறைத்தால், தலையில் குரல்வளை மூச்சுக்கேற்ப அசையும் வேகம் மாறியது. மூளைக்குப் போகும் இரத்தத்தில் எந்த மாற்றமும் இல்லாதபோதும் மூச்சு மாறுகிறது என்றால், செய்தி நரம்பு வழியாகத்தான் போயிருக்க வேண்டும். மூச்சைக் கட்டுப்படுத்தும் மையம் தன்னிடம் வரும் இரத்தத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறது என்ற பழைய நம்பிக்கை அத்தோடு தகர்ந்தது.

மகன் ஹேமான்ஸ், புகேர், தோத்ரபாந்த் ஆகியோருடன் சேர்ந்து 1930 வாக்கில் கரோட்டிட் பகுதிக்கு வந்தார். அங்கே ஓடும் இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் மூச்சு கூடியது. துளி சயனைடு செலுத்தினாலும் கூடியது. நரம்பை வெட்டியதும் இரண்டும் நின்றன. 1938-ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு கொர்னே ஹேமான்ஸ் ஒருவருக்கே தரப்பட்டது. உள்நாட்டுப் போரில் மாட்ரிட் முற்றுகைக்குள்ளான ஆண்டுகளில், ஊரை விட்டுப் போகாமல் காஹால் நிறுவனத்தைக் காத்து நின்றவர்களில் தெ காஸ்ட்ரோவும் ஒருவர். பரிசில் அவருக்கும் பங்கு இருந்திருக்க வேண்டும் என்பதே இந்த வரலாற்றைப் படிப்பவருக்குத் தோன்றும்.

சயனைடு ஏன் வேலை செய்தது? அந்தக் கேள்வியில்தான் செல்லின் இரகசியம் இருந்தது. சயனைடு, செல்லுக்குள் ஆக்சிஜனைப் பயன்படுத்தி ஆற்றல் உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவை முடக்கும் நஞ்சு. அதை ஆக்சிஜன் பஞ்சம் என்றே முடிச்சின் செல் எடுத்துக்கொள்கிறது. குளோமஸ் செல் எனப்படும் இந்தச் செல்லின் உறையில் பொட்டாசியம் வெளியேறும் வழிகள் உண்டு. அவை திறந்திருக்கும்வரை செல் அமைதியாக இருக்கும். ஆக்சிஜன் குறைந்தால் அவை மூடிக்கொள்கின்றன. இதை ஸ்பெயினின் செவில் நகரில் ஹோசே லோபஸ் பார்னியோவின் குழு, முயலின் செல்களில் தனித்தனியாக மின்னோட்டத்தை அளந்து 1988-இல் காட்டியது. பொட்டாசியம் உள்ளேயே தங்கிவிட, செல்லின் மின்னழுத்தம் மாறுகிறது. கால்சியம் உள்ளே பாய்கிறது. அதன் தூண்டுதலில் ஏடிபி, அசிட்டைல்கோலின் போன்ற பொருள்கள் செல்லிலிருந்து வெளியே கொட்டுகின்றன. ஒட்டியிருக்கும் நரம்பு முனை அவற்றைப் பெற்றுத் துடிக்கத் தொடங்குகிறது. ஆக்சிஜன் குறைவதை முதலில் உணர்வது மைட்டோகாண்ட்ரியாதான் என்பதற்குச் சான்று பெருகிவருகிறது. ஆனால் அங்கிருந்து பொட்டாசிய வழிக்குச் செய்தி எப்படிப் போகிறது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் வாதம் நடக்கிறது.

தமனி இரத்தத்தில் ஆக்சிஜனின் அழுத்தம் வழக்கமாக 95 முதல் 100 மி.மீ. பாதரசம். அப்போது ஒவ்வோர் இழையிலும் நொடிக்கு ஓரிரு துடிப்புகள்தான் இருக்கும். அழுத்தம் மெல்லக் குறையும்போது பெரிய மாற்றம் தெரியாது. 60-க்குக் கீழே போனதும் துடிப்பு கிடுகிடுவென்று ஏறுகிறது. அந்த 60-இல்தான் ஹீமோகுளோபினும் தன்னிடமுள்ள ஆக்சிஜனை வேகமாக இழக்கத் தொடங்கும்.

துடிப்புகள் தெ காஸ்ட்ரோ அடையாளம் கண்ட அந்த நரம்பணுத் திரளைக் கடந்து மண்டைக்குள் நுழைகின்றன. மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்தில், டிராக்டஸ் சாலிடேரியஸ் என்ற நரம்புக் கற்றையைச் சுற்றியுள்ள செல்களில் அவை முதன்முதலாகக் கைமாறுகின்றன. அங்கே குளூட்டமேட் என்ற பொருள் செய்தியை அடுத்த செல்லிடம் ஒப்படைக்கிறது. அதன் பின் பாதை பிரிகிறது. ஒரு கிளை, முகுளத்தில் மூச்சின் தாளத்தை உண்டாக்கும் நரம்பு வலைக்குப் போய், அங்கிருந்து கழுத்துத் தண்டுவடம் வழியாக உதரவிதானத்தை எட்டுகிறது. மூச்சு ஆழமாகிறது, வேகமாகிறது. இன்னொரு கிளை பரிவு நரம்புகளைத் தூண்டி இரத்தக் குழாய்களை இறுக்குகிறது. நுரையீரலில் ஆக்சிஜன் குறைந்த சில நொடிகளிலேயே இவை எல்லாம் நடந்துவிடுகின்றன.

முடிச்சு இல்லாவிட்டால் என்ன ஆகும்? அதற்கு மனிதர்களிலேயே விடை கிடைத்தது. ஜப்பானிய அறுவை மருத்துவர் கோமெய் நகயாமா, ஆஸ்துமாவுக்குச் சிகிச்சையாகக் கரோட்டிட் முடிச்சை வெட்டி எடுத்தார். 1961-இல் அவர் வெளியிட்ட கணக்கில் 3,900-க்கும் மேற்பட்ட நோயாளிகள் இருந்தனர். அமெரிக்காவிலும் சிலருக்கு இந்த அறுவை நடந்தது. இரண்டு பக்கமும் எடுக்கப்பட்ட சிலரைக் கலிபோர்னிய ஆய்வாளர்கள் சோதித்து 1971-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆக்சிஜன் குறைந்த காற்றைக் கொடுத்தபோது அவர்களின் மூச்சு கூடவே இல்லை. ஆக்சிஜன் பஞ்சத்துக்கு மூச்சால் பதில் சொல்லும் வேலை மனிதர்களில் ஏறக்குறைய முழுக்க இந்த இரு முடிச்சுகளுடையது. மூளைத்தண்டுக்கே நேராக ஆக்சிஜன் குறைந்தால் அது சோர்ந்துபோகுமே தவிர, மூச்சைக் கூட்டாது. ஆஸ்துமாவில் சுருங்குவது மூச்சுக்குழல். கழுத்து முடிச்சை எடுத்தால் அது விரியாது. மூச்சுத் திணறலின் வேதனை சிலருக்குக் குறைந்திருக்கலாம். ஆனால் நோய் இருந்த இடத்தில் இருக்க, ஆபத்தை உணரும் உறுப்பு போய்விட்டது. செய்திருக்கக் கூடாத அறுவை அது.

முடிச்சு நன்றாக இருப்பவர்களுக்கும் அது உதவாத ஓர் ஆபத்து உண்டு. இரத்தத்தில் உள்ள ஆக்சிஜனில் ஏறத்தாழ 98 விழுக்காடு ஹீமோகுளோபினோடு பிணைந்திருக்கும். மிச்சம் இரத்த நீரில் கரைந்திருக்கும். முடிச்சு அளப்பது கரைந்த ஆக்சிஜனின் அழுத்தத்தை. இதற்குக் காரணம் அதற்குக் கிடைக்கும் இரத்தத்தின் அளவு. பூனைகளில் அளந்தபோது, 100 கிராம் திசுவுக்கு நிமிடத்துக்கு 2,000 மில்லிலிட்டர் என்ற கணக்கில் இரத்தம் ஓடியது. மூளைக்கே அந்தக் கணக்கில் 50 மில்லிலிட்டர்தான். இவ்வளவு வெள்ளத்தில் கரைந்த ஆக்சிஜனே அதன் தேவைக்குப் போதும். ஹீமோகுளோபினிடமிருந்து மிகக் கொஞ்சமே எடுக்கிறது.

மூடிய அறையில் கரி எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடு, ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொண்டு ஆக்சிஜனுக்கு இடமில்லாமல் செய்கிறது. உடலுக்குப் போகும் ஆக்சிஜன் பாதியாகக் குறைந்தாலும், கரைந்த ஆக்சிஜனின் அழுத்தம் இயல்பாகவே இருக்கும். முடிச்சுக்கு எந்தக் குறையும் தெரியாது, மூச்சு இரைக்காது. தலைவலி, குமட்டல், தள்ளாட்டம், மயக்கம் என்று நிலை முற்றும். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரும், கார்பன் மோனாக்சைடு பிடித்த ஹீமோகுளோபினை ஆக்சிஜன் ஏறியதாகவே கணக்கிட்டு நல்ல எண்ணைக் காட்டும். மலை ஊர்களில் குளிர்காய அறைக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். அப்படிப்பட்ட இடத்தில் தலை வலித்தால், மூச்சு சரியாக இருக்கிறதே என்று உட்கார்ந்திருக்காமல் அனைவரையும் எழுப்பிக்கொண்டு உடனே வெளியே வந்துவிடுங்கள்.

(தொடரும்)