அழித்த பிறகும் மிஞ்சிய 14 இலக்கங்கள்

2014 ஜூலை 17 அன்று கிழக்கு உக்ரைன் வானத்தில் மலேசிய ஏர்லைன்ஸின் எம்எச்17 விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதில் இருந்த 298 பேரும் இறந்தார்கள். அப்போது மாஸ்கோ நேரம் மாலை 5:20.

அரை மணி நேரம் கழித்து, ரஷ்யர்களின் சமூக வலைத்தளமான விகேயில், பிரிவினைப் படைத் தளபதி ஸ்ட்ரெல்கோவின் பெயரில் இருந்த பக்கத்தில் ஒரு பதிவு வந்தது. மாலை 5:50 என்று நேரம் போட்டு, டோரெஸ் ஊர்ப் பக்கம் இப்போதுதான் ஓர் ஏஎன்-26 விமானம் வீழ்த்தப்பட்டது என்று பெருமையாக அறிவித்திருந்தார்கள். ஏஎன்-26 என்பது ராணுவச் சரக்கு விமானம். விழுந்தது பயணிகள் விமானம் என்று தெரியவந்ததும் அந்த வரிகள் காணாமல் போயின.

ஆனால் அதற்குள் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷின் அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்துவிட்டது. தற்செயல் என்று முழுசாகச் சொல்லிவிட முடியாது. இரண்டு வாரம் முன்புதான் ஹூவர் நிறுவனத்தின் ஆவணக் காப்பாளர் ஒருவர், உக்ரைன் போர் தொடர்பாகச் சேமிக்க வேண்டிய தளங்களின் பட்டியலை ஆர்க்கைவிடம் கொடுத்திருந்தார். அந்தப் பிரதியின் முகவரி இது:

```
https://web.archive.org/web/20140717152222/http://vk.com/strelkov_info
```

நடுவில் உள்ள 14 இலக்கங்கள்தான் விஷயம். ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி. அதாவது 15:22:22. இது உலகப் பொது நேரம், மாஸ்கோ நேரம் அல்ல. அந்தக் கோடையில் மாஸ்கோ 4 மணி நேரம் முன்னால் இருந்தது. ஆக அங்கே இரவு 7:22. இன்றைய கணக்கில் 3 மணி நேரம் மட்டும் கூட்டினால், மொத்தக் காலவரிசையும் ஒரு மணி நேரம் பிசகிவிடும். சரியாகப் போட்டால், பதிவில் குறித்த நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் கழித்தும் அந்த வரிகள் அங்கேயே இருந்தன என்று தெரிகிறது.

இதே மாதிரி நீங்கள் ஒரு பக்கத்தைத் தேடும்போது, நேரத்துக்குப் பதில் ஒரு `*` போட்டால், எந்தெந்த நாளில் பிரதி எடுத்திருக்கிறார்கள் என்று காட்டும் காலண்டர் வரும். நீங்களே ஒரு நேரத்தை அடித்தால், அந்த நேரத்தில் பிரதி இல்லாவிட்டாலும் ஆர்க்கைவ் கையை விரிக்காது. பக்கத்தில் இருக்கும் வேறொரு நேரத்துப் பிரதியைச் சத்தமில்லாமல் திறந்துவிடும். அதனால் திறந்த பிறகு முகவரியில் இருக்கும் எண்ணை மறுபடி பார்க்கணும். படங்களுக்குத் தனித்தனி நேரம் உண்டு. 2014 பக்கத்துக்குள் 2016 படம் உட்கார்ந்திருக்கலாம்.

சரி, இந்தப் பிரதி எதை நிரூபிக்கிறது? அந்த நொடியில் அந்த முகவரியில் அந்த வரிகள் இருந்தன என்பதை மட்டும். எழுதியது யார் என்று அது சொல்லாது. பக்கத்தை நடத்தியது ஸ்ட்ரெல்கோவ் இல்லை, அவருடைய ஆதரவாளர்கள்தான் என்று வாதம் எழுந்தது. 14 இலக்கங்களிடம் அதற்குப் பதில் இல்லை. 2022 நவம்பரில் நெதர்லாந்து நீதிமன்றம், ஸ்ட்ரெல்கோவ் என்ற இகோர் கிர்கின் உட்பட மூன்று பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அதற்குப் பல ஆண்டு விசாரணையும் வேறு பல ஆதாரங்களும் தேவைப்பட்டன. அப்படி ஒரு பதிவே இல்லை என்று யாரும் சொல்ல முடியாமல் செய்ததுதான் இந்தப் பிரதியின் வேலை.