பட்டியலில் பெயர் எங்கே தொலைகிறது? ஆவண விதிகளும் ஏழை வாக்காளரும்

வாக்காளர் அடையாள அட்டை கையில் இருந்தால் வாக்களித்துவிடலாம் என்னும் எண்ணம் நம் மக்களிடையே பரவலாக உள்ளது. சட்டம் அவ்வாறு சொல்லவில்லை. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 62, பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு வாக்குரிமை இல்லை என்கிறது. மாறாக, பட்டியலில் பெயர் உள்ளவரிடம் அந்த அட்டை இல்லையெனில், ஆதார், நூறு நாள் வேலை அட்டை, ஒளிப்படம் ஒட்டிய வங்கிக் கணக்குப் புத்தகம் முதலியவற்றுள் ஒன்றைக் காட்டி அவர் வாக்களிக்க முடியும். ஆகவே ஏழைகளின் வாக்கு பெரும்பாலும் வாக்குச்சாவடி வாயிலில் பறிபோவதில்லை. அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே, பட்டியல் தயாராகும் கட்டத்தில் பறிபோகிறது. அது எவ்வாறு நிகழ்கிறது என்பதை 2025ஆம் ஆண்டு பீகாரில் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தைக் கொண்டு இங்கே விளக்குகிறோம்.

தேர்தல் ஆணையம் அத்திருத்தத்தை அவ்வாண்டு ஜூன் 24 அன்று அறிவித்தது. அதன்படி ஒவ்வொரு வாக்காளரும் கணக்கீட்டுப் படிவத்தை நிரப்பி ஜூலை 25க்குள் அளிக்க வேண்டும். 2003ஆம் ஆண்டுப் பட்டியலில் பெயர் இருந்தவர்களுக்கு அப்பட்டியலின் நகலே போதுமானது. ஏனையோர் 11 ஆவணங்களுள் ஒன்றைக் காட்ட வேண்டும். பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டு, பத்தாம் வகுப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், அரசு வழங்கிய வீட்டுமனை ஒதுக்கீட்டு ஆணை ஆகியவை அந்த வரிசையில் இருந்தன. ஏழைகளிடம் பரவலாக இருக்கும் ஆதாரும் குடும்ப அட்டையும், ஆணையமே வழங்கிய வாக்காளர் அடையாள அட்டையும் அதில் இடம்பெறவில்லை.

இந்த விதிகள் ஒரு குடும்பத்தில் எப்படி வேலை செய்யும் என்று பார்ப்போம். விளக்கத்திற்காக, நிலமற்ற முசாகர் கூலித் தொழிலாளர் இணையர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கணவருக்கு வயது 45; மனைவி 1991இல் பிறந்தவர்.

கணவரின் பெயர் 2003 பட்டியலில் உள்ளது. எனவே அவரிடம் எந்தச் சான்றும் கேட்கப்படாது. ஆனால் ஜூன், ஜூலை மாதங்கள் பஞ்சாபில் நெல் நாற்று நடும் காலம். அவர் அங்கே கூலி வேலையில் இருக்கிறார். படிவத்தை இணையவழியில் அளிக்கவும், குடும்பத்தினர் அவருக்காகக் கையொப்பமிட்டுத் தரவும் வழி இருந்தது. வழி இருப்பதை அறியாதவருக்கு அதனால் பயனில்லை. வாக்குச்சாவடி நிலை அலுவலர் வரும்போது மனைவியும் வயலில் இருந்தால் வீடு பூட்டியிருக்கும். படிவம் திரும்பி வராது. 'நிரந்தரமாக இடம்பெயர்ந்தவர்' அல்லது 'காணப்படாதவர்' என்று எழுதப்பட்டால் அவர் பெயர் வரைவுப் பட்டியலில் வராது.

இங்கே சட்டத்தின் சொல்லைக் கவனிக்க வேண்டும். 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், ஒருவர் 'வழக்கமாக வசிக்கும்' இடத்தில்தான் அவருடைய பெயரைப் பதிவுசெய்யச் சொல்கிறது. அதே சட்டத்தின் பிரிவு 20(1A), தற்காலிகமாக வெளியூர் சென்றிருப்பதனால் மட்டுமே ஒருவர் அங்கு வழக்கமாக வசிப்பவர் என்னும் நிலையை இழப்பதில்லை என்கிறது. நாற்று நடவும் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டவும் சென்று திரும்புவோரைக் காக்கும் விதி இது. ஆயினும் பூட்டிய வீட்டைப் பார்க்கும் அலுவலருக்குத் தற்காலிகமாகச் சென்றவரும் நிரந்தரமாகச் சென்றவரும் ஒன்றுபோலவே தெரிவர். அக்கம்பக்கத்தாரின் வாய்மொழியே தீர்ப்பாகிவிடுகிறது. சேரிக்கும் ஊருக்கும் இடையே பேச்சற்ற இடங்களில் அந்த வாய்மொழியை யார் சொல்வது என்பதும் ஒரு கேள்வியே.

மனைவியின் சிக்கல் வேறு. 2003இல் அவருக்கு 12 வயது. பட்டியலில் இருந்திருக்க முடியாது. 1987 ஜூலை 1க்கும் 2004 டிசம்பர் 2க்கும் இடையே பிறந்தவர் என்பதால், தமக்கான ஓர் ஆவணத்துடன் பெற்றோருள் ஒருவருக்கான ஆவணமும் அவர் காட்ட வேண்டும். தந்தையின் பெயர் 2003 பட்டியலில் இருந்தால் அதன் நகல் போதும்; ஆனால் அது பிறந்த ஊரின் பட்டியலில் இருக்கும், புகுந்த ஊரில் அல்ல. தமக்கான ஆவணத்திற்கு வருவோம். வீட்டில் பிறந்ததால் பிறப்புப் பதிவு இல்லை. பள்ளியைப் பாதியில் விட்டதால் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இல்லை. எஞ்சுவது சாதிச் சான்றிதழ். அதற்கு விண்ணப்பிக்கவும், பின்னர் வாங்கவும் அலுவலகத்திற்கு நடக்க வேண்டும். சான்றிதழுக்கான கட்டணத்தைவிட, இழக்கும் நாள்கூலியே அவருக்குப் பெரிய செலவு. மாதச் சம்பளக்காரர் அலமாரியிலிருந்து எடுத்துத் தரும் தாளுக்கு, கூலித் தொழிலாளி பல நாள் உணவை விலையாகத் தருகிறார்.

ஆக, ஒரே வீட்டில் ஒருவர் படிவக் கட்டத்திலும் மற்றவர் ஆவணக் கட்டத்திலும் பட்டியலிலிருந்து நழுவுகின்றனர். ஆகஸ்ட் 1 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் ஏறத்தாழ 65 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தோர், இடம்பெயர்ந்தோர் அல்லது காணப்படாதோர், இரட்டைப் பதிவு என்பவை ஆணையம் கூறிய காரணங்கள். இவற்றுள் நியாயமான நீக்கங்கள் உண்டு; இறந்தவர் பெயர் நீங்கத்தான் வேண்டும். யார், எதனால் நீக்கப்பட்டார் என்பது முதலில் வெளியிடப்படாததே சிக்கல். ஆகஸ்ட் 14 அன்று உச்ச நீதிமன்றம், பெயர்களையும் காரணங்களையும் வெளியிட உத்தரவிட்டது. செப்டம்பர் 8 அன்று ஆதாரையும் 12ஆவது ஆவணமாக ஏற்கச் சொன்னது. அது அடையாளச் சான்று மட்டுமே, குடியுரிமைச் சான்று அன்று என்றும் தெளிவுபடுத்தியது.

இதன் விளைவை வாக்குப்பதிவு விழுக்காட்டில் தேடினால் ஏமாறுவோம். 1,000 பெயர்கள் உள்ள ஊரில் 600 பேர் வாக்களித்தால் அது 60 விழுக்காடு. 150 பெயர்கள் நீங்கியபின் அதே 600 பேர் வாக்களித்தால் ஏறத்தாழ 71 விழுக்காடு. ஒருவர்கூடக் கூடுதலாக வாக்களிக்காமலேயே பதிவு உயர்ந்ததாகத் தோன்றும். நீக்கப்பட்டவர் வாக்களிக்காதவர் கணக்கிலும் வருவதில்லை. 2025 பீகார்த் தேர்தலில் ஏறத்தாழ 67 விழுக்காடு பதிவானது. வாக்களித்தோர் எண்ணிக்கையும் உண்மையாகவே உயர்ந்தது. ஆயினும் வெளியே நின்றவர் யார் என்பதை அந்த எண் சொல்லாது. பதினெட்டு வயது நிறைந்த மக்கள்தொகையோடு பட்டியலை ஒப்பிட்டால்தான் அது தெரியும்.

தமிழ்நாட்டிலும் இதே திருத்தம் 2025 நவம்பரில் தொடங்கி, டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் இடம்பெறவில்லை. இங்கே படிவம் தரும் கட்டத்தில் ஆவணம் கேட்கப்படவில்லை என்பதால், வீடு பூட்டியிருந்ததும் முகவரி மாறியதும் எவ்வளவு பெரிய காரணங்கள் என்பது புலப்படும். சென்னையின் ஆற்றோரக் குடிசைகளிலிருந்து பெரும்பாக்கம் போன்ற இடங்களுக்கு மாற்றப்பட்ட குடும்பங்களுக்கு, முகவரி மாற்றம் அவர்கள் தேர்ந்தெடுத்ததன்று.

பெயர் விடுபட்டவர் செய்யக்கூடியவை இவை. வரைவுப் பட்டியலுக்கான உரிமைகோரல் காலத்தில் படிவம் 6 அளித்து, ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். தொகுதிக்குள்ளோ வெளியிலோ குடிபெயர்ந்தவருக்குப் படிவம் 8. பதிவு அலுவலர் மறுத்தால் ஆணையை எழுத்தில் பெற்று, 15 நாள்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடமும், அங்கும் மறுக்கப்பட்டால் 30 நாள்களுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அலுவலரிடமும் மேல்முறையீடு செய்யலாம். வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாள் முடிந்தபின் அந்தத் தேர்தலுக்காகப் பெயர் சேர்க்க இயலாது. எனவே கூலி வேலைக்கு வெளியூர் செல்லும் குடும்பங்கள், கிளம்புமுன் பட்டியலைப் பார்த்துவிட்டுச் செல்வது நல்லது. வாக்குப்பதிவு நாளன்று கண்டறியும் பிழைக்குத் தீர்வில்லை.