புதிய மாவட்ட உருவாக்கம் (தமிழ்நாடு)

ஒரு மாநிலத்துக்குள் இருக்கும் வருவாய் மாவட்டத்தைப் பிரித்தோ, இரண்டு மூன்று மாவட்டங்களிலிருந்து வட்டங்களை எடுத்துச் சேர்த்தோ தனி ஆட்சியரின் கீழ் புதிய மாவட்டம் அமைப்பது மாவட்ட உருவாக்கம் எனப்படும். புதிய மாநிலம் அமைக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும்; மாவட்டத்துக்கு அது தேவையில்லை. முடிவு முழுக்க மாநில அரசின் கையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1956இல் 13 மாவட்டங்கள் இருந்தன. 2020 டிசம்பர் 28இல் மயிலாடுதுறை தொடங்கி வைக்கப்பட்டதோடு எண்ணிக்கை 38 ஆனது. இவற்றில் தென்காசி, கள்ளக்குறிச்சி, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, செங்கல்பட்டு ஆகிய ஐந்தும் 2019 நவம்பரின் கடைசிப் பத்து நாட்களுக்குள் தொடங்கி வைக்கப்பட்டவை. நடைமுறையைப் புரிந்துகொள்ள தென்காசி நல்ல எடுத்துக்காட்டு என்பதால் இக்கட்டுரை பெரும்பாலும் அதையே பின்தொடர்கிறது.

சட்ட அடிப்படை

தமிழ்நாட்டில் மாவட்ட எல்லையை மாற்றும் அதிகாரம் 1865ஆம் ஆண்டின் மாவட்ட எல்லைகள் சட்டத்திலிருந்து வருகிறது. சென்னை மாகாண காலத்துச் சிறிய சட்டம் அது. எல்லையை மாற்ற அரசுக்கு அதிகாரம் தருகிறதே தவிர, யாரிடம் கேட்க வேண்டும், எத்தனை நாள் அவகாசம் தர வேண்டும் என்று விரிவான வழிமுறை எதையும் விதிக்கவில்லை. இங்கே நடக்கும் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் நிர்வாக வழக்கத்தால் நடப்பவை.

ஆந்திரத்தில் நிலைமை வேறு. அங்கே 1974ஆம் ஆண்டின் மாவட்டங்கள் அமைப்புச் சட்டப்படி, அரசு முதலில் ஒரு முன்னறிவிக்கை வெளியிட வேண்டும். ஆட்சேபணை சொல்ல மக்களுக்கு 30 நாள் தர வேண்டும். அவற்றைப் பரிசீலித்த பிறகே இறுதி அறிவிக்கை. 2022 ஜனவரி இறுதியில் முன்னறிவிக்கை வந்து, ஏப்ரல் 4இல் 13 மாவட்டங்கள் 26 ஆனது இந்த வழியில்தான். ஆட்சேபணை எழுதும் ஆந்திரக் குடிமகனின் கையில் வரைவு எல்லை அச்சில் இருக்கிறது. தமிழ்நாட்டில் மனு கொடுப்பவர் பெரும்பாலும் நாளிதழ்ச் செய்தியை நம்பியே கொடுக்கிறார். இந்த ஒரு விஷயத்தில் ஆந்திர முறை மேலானது.

காரணங்கள்

எல்லாக் கோரிக்கை மனுக்களிலும் முதலில் வருவது தூரம். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் பட்டாவுக்கோ முதியோர் உதவித்தொகைக்கோ மனு கொடுக்க வருபவருக்கு ஆட்சியர் அலுவலகம் போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். செங்கோட்டை, தென்காசிப் பக்கத்துக்காரர்கள் திருநெல்வேலிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் பயணப்பட வேண்டியிருந்தது. மயிலாடுதுறையின் சிக்கல் இன்னும் விநோதமானது. பழைய நாகப்பட்டினம் மாவட்டத்தின் வடபகுதிக்கும் தென்பகுதிக்கும் நடுவே புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்கால் கிடக்கிறது. சீர்காழி, தரங்கம்பாடிக்காரர்கள் கடற்கரைச் சாலை வழியாகத் தங்கள் மாவட்டத் தலைநகருக்குப் போக இன்னொரு ஆட்சிப்பகுதிக்குள் நுழைந்து வெளியேற வேண்டியிருந்தது.

அடுத்த காரணம் பளு. நிலம், பேரிடர், தேர்தல், நலத்திட்டம் எல்லாவற்றுக்கும் ஒரே ஆட்சியர் பொறுப்பேற்கும் அமைப்பில், வட்டங்கள் கூடக்கூட கோப்புகள் தேங்கும். 1986இல் தூத்துக்குடி, வ.உ. சிதம்பரனார் மாவட்டம் என்ற பெயரில் பிரிந்துபோன பிறகும் திருநெல்வேலி மாவட்டம் 10 சட்டமன்றத் தொகுதிகளைக் கொண்டதாகவே இருந்தது.

அரசியல் காரணத்தை அரசாணைகள் எழுதுவதில்லை. ஆனாலும் அறிவிப்புகள் தேர்தல்களை ஒட்டி வருவது யாருக்கும் தெரியாததல்ல. பல கோரிக்கைகள் பத்திருபது ஆண்டுகள் மனுவாகவே கிடந்து, ஏதோ ஒரு கூட்டத்தொடரில் திடீரென உயிர் பெறுகின்றன.

முன்மொழிவு முதல் அரசிதழ் வரை

ஏட்டுப்படி பார்த்தால் கோரிக்கை, ஆய்வு, முடிவு, அறிவிப்பு என்று வரிசை போக வேண்டும். நடப்பில் அறிவிப்பு முன்னால் வந்துவிடும். தென்காசியும் செங்கல்பட்டும் தனி மாவட்டங்களாகும் என்று முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி 2019 ஜூலை 18இல் சட்டப்பேரவையில் 110ஆம் விதியின் கீழ் அறிவித்தார். அந்த விதியின் கீழான அறிக்கைமீது அவையில் விவாதம் கிடையாது. வேலூரைப் பிரிக்கும் முடிவு அதே ஆண்டு சுதந்திர தின உரையில் வந்தது.

அறிவிப்புக்குப் பிறகுதான் வருவாய்த் துறையின் வேலை தொடங்குகிறது. வருவாய் நிர்வாக ஆணையர், தாய் மாவட்ட ஆட்சியரிடம் விரிவான முன்மொழிவு கேட்பார். அதில் எந்தெந்த வட்டங்கள் பிரியும், அவற்றில் எத்தனை குறுவட்டங்கள், எத்தனை வருவாய்க் கிராமங்கள், பரப்பு, மக்கள்தொகை, புதிதாக வேண்டிய பணியிடங்கள், அலுவலகத்துக்கான இடம் ஆகியவை இருக்கும். எல்லையை வரைபடத்தில் கோடு போட்டு வகுப்பதில்லை. கிராமப் பட்டியலாக எழுதுகிறார்கள். நில அளவை எண், பட்டா, அடங்கல் எல்லாம் வருவாய்க் கிராமத்தை அடிப்படையாகக் கொண்டவை என்பதால், ஒரு கிராமம் இரண்டாகப் பிளக்காமல் பார்த்துக்கொள்வது முக்கியம். ஒரு வட்டம் முழுதாக நகர்ந்தால் வேலை சுலபம். வட்டத்தையே உடைக்க நேர்ந்தால் பதிவேடுகளைப் பிரிப்பதில் மாதங்கள் கழியும்.

கருத்துக் கேட்புக் கூட்டங்களில் 'மாவட்டம் வேண்டுமா' என்று பெரும்பாலும் யாரும் சண்டை போடுவதில்லை. எந்த ஊர் தலைநகர், எங்கள் ஊர் எந்தப் பக்கம் என்பதில்தான் மோதல். தென்காசி விஷயத்தில் அது சங்கரன்கோவிலில் வெடித்தது. தங்கள் ஊரைத் தலைநகராக்கித் தனி மாவட்டம் வேண்டும், இல்லையென்றால் திருநெல்வேலியிலேயே விடுங்கள் என்று அங்கே போராட்டம் நடந்தது. அரசு இரண்டையும் ஏற்கவில்லை. பதிலாக சங்கரன்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு வருவாய்க் கோட்டம் உருவாக்கி, சங்கரன்கோவில், சிவகிரி, திருவேங்கடம் வட்டங்களை அதன் கீழ் வைத்தது. கோட்டாட்சியர் மட்டத்தில் முடியும் வேலைகளுக்கு அப்பகுதி மக்கள் தென்காசிக்குப் போக வேண்டியதில்லை. தலைநகரை இழந்த ஊருக்குக் கோட்டம் கொடுத்துச் சமாதானம் செய்வது வருவாய்த் துறையில் தெரிந்த உத்தி.

இதே சமயத்தில் அரசு ஒரு இந்திய ஆட்சிப் பணி அதிகாரியைத் தனி அலுவலராக நியமிக்கும். எல்லை, பணியிடம், தற்காலிகக் கட்டடம், கோப்புப் பிரிப்பு எல்லாம் அவர் பொறுப்பு. வழக்கமாக அவரே முதல் ஆட்சியராகவும் ஆகிவிடுவார். தென்காசியில் ஜி.கே. அருண் சுந்தர் தயாளன் அப்படி ஆனவர். பணியிடங்களுக்கும் செலவுக்கும் நிதித்துறை இசைவு தந்த பிறகு, வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மைத் துறை அரசாணை வெளியிடும். அது அரசிதழில் அறிவிக்கையாக வந்ததும் மாவட்டம் சட்டப்படி பிறந்துவிடுகிறது. விளக்கேற்றி நடக்கும் தொடக்க விழாவுக்குச் சட்ட மதிப்பு இல்லை. ஆனாலும் மக்கள் நினைவில் நிற்கும் தேதி அதுதான். தென்காசிக்கு அது 2019 நவம்பர் 22.

அரசாணையின்படி தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர், வீரகேரளம்புதூர், ஆலங்குளம், சங்கரன்கோவில், சிவகிரி, திருவேங்கடம் ஆகிய எட்டு வட்டங்கள் புதிய மாவட்டத்துக்கு வந்தன. திருநெல்வேலிக்கும் எட்டு வட்டங்களே மிஞ்சின. சட்டமன்றத் தொகுதிகளும் ஐந்து, ஐந்தாகப் பிரிந்தன.

எது மாறும், எது மாறாது

பலரும் குழம்பும் இடம் இது. பிரிவது வருவாய் மாவட்டம் மட்டுமே. 'மாவட்டம்' என்ற பெயரில் இயங்கும் மற்ற அமைப்புகளுக்குத் தனித்தனி எல்லைகளும் தனித்தனி ஆணைகளும் உண்டு. வருவாய் மாவட்டம் ஆவதற்கு வெகுகாலம் முன்பே தென்காசி ஒரு கல்வி மாவட்டமாகவும், சொத்துப் பத்திரங்களுக்கான பதிவு மாவட்டமாகவும் இருந்தது. மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் ஆட்சியரோடு கூடவே வந்துவிடுவார். மாவட்ட நீதிமன்றம் அப்படி வராது; அதற்கு உயர் நீதிமன்றத்தோடு கலந்து தனியே முடிவெடுக்க வேண்டும். அதுவரை வழக்குகளுக்குப் பழைய தலைநகருக்கே நடக்க வேண்டியதுதான்.

தேர்தல் தொகுதிகளை மாநில அரசு தொட முடியாது. அவை 2008இல் நடைமுறைக்கு வந்த மறுவரையறையின்படி இருக்கின்றன. தென்காசி மக்களவைத் தொகுதியில் விருதுநகர் மாவட்டத்தின் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் உள்ளன. தென்காசி மாவட்டத்தின் ஆலங்குளமோ திருநெல்வேலி மக்களவைத் தொகுதியில் இருக்கிறது.

உள்ளாட்சி மட்டும் உடனே மாறியாக வேண்டிய அமைப்பு. மாவட்டத்துக்கு ஒரு மாவட்ட ஊராட்சி இருக்க வேண்டும் என்பது அரசமைப்பின் விதி. மாவட்டம் இரண்டானால் மாவட்ட ஊராட்சியும் இரண்டாகும். வார்டுகளை மறுபடி வரைய வேண்டும். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் இடஒதுக்கீட்டைப் புதிய எண்ணிக்கையில் கணக்கிட வேண்டும். 2019இல் அரசு இங்கேதான் சறுக்கியது. நவம்பரில் ஐந்து மாவட்டங்களைத் தொடங்கிவிட்டு, வார்டு மறுவரையறை முடியாமலே டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தலுக்கு நாள் குறித்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போயிற்று. டிசம்பர் 6இல் நீதிமன்றம், ஐந்து புதிய மாவட்டங்களையும் அவற்றின் தாய் மாவட்டங்களான திருநெல்வேலி, விழுப்புரம், வேலூர், காஞ்சிபுரம் ஆகியவற்றையும் தவிர்த்து மற்ற இடங்களில் தேர்தலை நடத்தச் சொன்னது. அந்த ஒன்பது மாவட்டங்களிலும் வாக்குப்பதிவு 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில்தான் நடந்தது. முந்தைய பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2016இலேயே முடிந்திருந்ததால், அங்குள்ள ஊராட்சிகள் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் அதிகாரிகளின் பொறுப்பிலேயே கிடந்தன. புதிய மாவட்டத்தின் தயார்நிலையை அறிய ஆட்சியர் அலுவலகக் கட்டடத்தைப் பார்ப்பதைவிட, வார்டு மறுவரையறைக்குக் கால அட்டவணை இருக்கிறதா என்று பார்ப்பது மேல்.

காலக் கட்டுப்பாடும் கலைப்பும்

மாநில அரசின் அதிகாரத்துக்கு ஒரே ஒரு தாழ்ப்பாள் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. கணக்கெடுப்புக்கு முன் ஒன்றிய அரசு ஒரு தேதி குறித்து, அதற்குப் பிறகு மாவட்ட, வட்ட, கிராம எல்லைகளை மாற்றக் கூடாது என்று அறிவிக்கும். 2021 கணக்கெடுப்புக்காக இந்த உறைநிலை 2019 டிசம்பர் 31க்குப் பின் தொடங்கும் என்று இருந்தது. அந்த ஆண்டு நவம்பரில் ஐந்து தொடக்க விழாக்கள் நெருக்கியடித்து நடந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று கருத இடமிருக்கிறது. பிறகு பெருந்தொற்றால் கணக்கெடுப்பு தள்ளிப்போய், தேதியும் தள்ளிப்போனது. 2020 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட மயிலாடுதுறை அந்த இடைவெளியில் பிறந்தது.

அரசாணையால் பிறந்ததை அரசாணையாலேயே கலைக்கலாம். பெரம்பலூரிலிருந்து 2001 ஜனவரி 1இல் பிரிந்த அரியலூர், ஆட்சி மாறியபின் 2002 மார்ச்சில் மீண்டும் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டது. இன்னொரு ஆட்சி மாற்றத்துக்குப் பின் 2007 நவம்பர் 23இல் மறுபடி தனி மாவட்டமானது. ராஜஸ்தானில் 2023இல் காங்கிரஸ் அரசு தொடங்கிய புதிய மாவட்டங்களில் ஒன்பதை, அடுத்து வந்த பாரதிய ஜனதா அரசு 2024 டிசம்பர் 28இல் ரத்து செய்தது. கணக்கெடுப்புக்கான எல்லை உறைநிலை தொடங்க அப்போது மூன்று நாட்களே இருந்தன.