“ஒன்றும் ஆகாது” என்றால் பயம் போய்விடுமா?

டயாலிசிஸ் செய்ய வேண்டும் என்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்து, நோயாளி அடிக்கடி கேட்கும் ஆறுதல் “ஒன்னும் ஆகாது, பயப்படாதீங்க” என்பதுதான். வீட்டாரும் சொல்வார்கள், பக்கத்து வீட்டாரும் சொல்வார்கள். நல்ல மனத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் தாதியர் பயிற்சியில் இது பேச்சை அடைக்கும் பதில்களில் ஒன்றாகக் கற்றுத்தரப்படுகிறது. பயந்தவர் அதற்கு மேல் என்ன பேச முடியும்? “சரி” என்று வாயை மூடிக்கொள்வார். பயம் மட்டும் உள்ளேயே இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற 62 வயதுப் பெரியவர். நீரிழிவால் சிறுநீரகம் பழுதடைந்துவிட்டது. இன்று முதல் டயாலிசிஸ். இயந்திரத்தையே பார்த்துக்கொண்டு, “இதுல உட்கார்ந்தா நான் எழுந்திரிப்பேனாம்மா?” என்று தாதியிடம் கேட்கிறார்.

“அதெல்லாம் நல்லா எழுந்திரிப்பீங்க” என்றால், யாராலும் தரமுடியாத உறுதியைத் தருகிறோம். “இங்க எல்லாரும் செய்றாங்க, நீங்க மட்டும் ஏன் பயப்படுறீங்க?” என்றால், பயப்படுவதே குற்றம் போல ஆகிறது. “டிவி போடட்டுமா?” என்றால், கேள்வி காதில் விழாதது போலத் தாண்டிப் போகிறோம். மூன்று பதில்களும் சொல்பவருடைய சங்கடத்தைத்தான் குறைக்கின்றன. கேட்டவருடைய பயத்தைத் தொடவே இல்லை.

பயிற்சி பெற்ற தாதி முதலில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் கண்மட்டத்தில் உட்காருவார். “எழுந்திரிக்காம போயிடுவோமோன்னு பயமா இருக்கா, ஐயா?” என்று அவர் சொன்னதையே திருப்பிக் கேட்பார். பிறகு சற்று நேரம் பேசாமல் இருப்பார். அந்த அமைதியில்தான் பெரியவர் வாய் திறக்கிறார்: “எங்க தோட்டத்துல ஒருத்தர் இப்படித்தான் செஞ்சாரு. ரெண்டு மாசத்துல போயிட்டாரு. உடம்பு ரத்தம் பூரா வெளிய வந்துடுமாமே?”

இப்போதுதான் உண்மையான பயம் எது என்று தெரிகிறது. அதற்கேற்ற தகவலைச் சிறிது சிறிதாகச் சொல்ல வேண்டும். “அவருக்கு என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாது, ஐயா. ரத்தத்தைப் பத்திச் சொல்றேன். உடம்புல ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம் இருக்கு. ஒரு நேரத்துல வெளிய இருக்கறது ஒரு கிளாஸ் அளவுதான். சுத்தமாகி உடனே திரும்பிடும். 4 மணி நேரமும் நாங்க பக்கத்துலேயே இருப்போம். ரத்த அழுத்தம் அடிக்கடி பார்ப்போம். கையை மடக்கினாக்கூட இயந்திரம் சத்தம் போடும், அதுக்குப் பயந்துடாதீங்க. தலை சுத்தினா, தசை பிடிச்சுக்கிட்டா உடனே சொல்லுங்க.” கடைசியாக, “நான் சொன்னதுல எது இன்னும் பயமா இருக்கு?” என்று கேட்பார். அந்தப் பதிலை வைத்துத்தான் சொன்னது மனத்தில் பதிந்ததா என்று தெரியும்.

இந்த முறையில் பொய் வாக்குறுதி எதுவும் இல்லை. “வலிக்காது” என்று சொல்லிவிட்டு ஊசி வலித்தால், அடுத்து சொல்லும் எதையும் அவர் நம்பமாட்டார். “குத்தும்போது வலிக்கும், பிறகு குறையும்” என்றால் நம்பிக்கை நிற்கும். வாரத்துக்கு 3 முறை வந்து போகப் போகிறவருக்கு அந்த நம்பிக்கை தேவை.

இதற்கும் எல்லை உண்டு. பயம் மிக முற்றி, உடல் நடுங்கி, சொல்வதைக் கேட்க முடியாத நிலையில் இருப்பவரிடம் நீண்ட விளக்கம் பயன்படாது. “நான் இங்கதான் இருக்கேன். மெதுவா மூச்சு விடுங்க” என்பது போன்ற சின்ன வாக்கியங்கள் போதும், விளக்கத்தைப் பிறகு சொல்லலாம். மூச்சுத் திணறலையோ நெஞ்சு வலியையோ பயம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. சிறுநீரக நோயாளிக்கு நுரையீரலில் நீர் சேர்ந்தாலும் மூச்சுத் திணறும். உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். “இனி வாழ்ந்து என்ன” என்று ஒருவர் சொன்னால், அதையும் ரகசியமாக வைத்துக்கொள்ளாமல் மருத்துவக் குழுவிடம் சொல்லிவிட வேண்டும்.

நம் குடும்பங்களில் இன்னொன்றும் நடக்கிறது. அப்பா தமிழில் கேட்பதை மகனோ மகளோ மலாயிலோ ஆங்கிலத்திலோ மருத்துவரிடம் சொல்கிறார்கள். “ரத்தம் பூரா வெளிய வந்துடுமா?” என்ற கேள்வி, வழியிலேயே “அவருக்குக் கொஞ்சம் பயம்” என்று சுருங்கிவிடுகிறது. மருத்துவரும் பொதுவாக ஆறுதல் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றினாலும், அப்பா கேட்ட சொல்லை அப்படியே சொல்லுங்கள். பதில் அந்தக் கேள்விக்குத்தான் வர வேண்டும்.