ஒன்பதாம் எண்ணிக்கை

அமெரிக்கச் சந்தை ஆய்வாளர் டாம் டிமார்க் வகுத்த ‘டிடி சீக்வென்ஷியல்’ முறையின் முதல் கட்டம் ‘செட்டப்’. ஒரே திசையில் ஓடும் விலை களைத்திருக்கலாம் என்பதற்கான குறி அது. டிடி என்பது அவர் பெயரின் முதலெழுத்துகள்.

இறங்கும் விலையில், ஒவ்வொரு நாளின் முடிவு விலையும் நான்கு நாள் முந்தைய முடிவு விலையைவிடக் குறைந்திருக்க வேண்டும். இப்படி ஒன்பது நாள் தொடர்ந்தால் செட்டப் முழுமை. நேற்றைய விலையோடு ஒப்பிடுவதில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நேற்று 101, இன்று 102 என்று ஏறியிருந்தாலும், நான்கு நாள் முன்பு 103 என்றால் இன்றும் எண்ணிக்கையில் சேரும். அன்று 102 ஆக இருந்திருந்தால், சமம் என்பதால் எண்ணிக்கை அறுந்துவிடும். புதிதாகத்தான் தொடங்க வேண்டும்.

ஒன்பது வந்ததும் வாங்கிவிடலாமா? பக்கவாட்டில் அலையும் சந்தையில் விலை பெரும்பாலும் திரும்பும். வலுவான சரிவிலோ ஒன்பது நடுவழியிலேயே வந்துவிடும். அதனால், ஏறும் விலையில் இதே விதியைத் தலைகீழாக எண்ணிக் கிடைத்த முந்தைய ஏற்றச் செட்டப்பின் மிகத் தாழ்ந்த விலையில் ஒரு கோடு இழுப்பார்கள். ஒன்பது நாளில் எந்த முடிவு விலையும் அதற்குக் கீழே போகாவிட்டால் திரும்ப வாய்ப்பு அதிகம். போய்விட்டால் சரிவு இன்னும் நீளலாம்.