வழியில் நிற்கும் நூறு மோட்டார்: ஒரே பதிவும் இரட்டைப் பதிவும்

கோவை குடோனிலிருந்து திருநெல்வேலி குடோனுக்கு ஜூலை 31 இரவு நூறு பம்ப் மோட்டார்கள் லாரியேறுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்றின் அடக்கவிலை 6,000 ரூபாய். சரக்கு மறுநாள்தான் இறங்கும். ஜூலைக் கணக்கில் அந்த 6 லட்சம் எங்கே நிற்கிறது?

பல கடைகளில் ஒரே பதிவுதான்: இங்கே கழி, அங்கே கூட்டு. வேலை சுலபம், மொத்த இருப்பும் சரியாக வரும். ஆனால் 31-ஆம் தேதி திருநெல்வேலியில் இருப்பு எண்ணினால் ஏட்டில் நூறு, தரையில் பூஜ்யம். இதைவிட மோசம், கோவை அனுப்பியதும் கழித்துவிட்டு, திருநெல்வேலி வந்தபின் கூட்டும் பழக்கம். இடைப்பட்ட அந்த இரவில் 6 லட்சம் எந்தக் குடோனிலும் இல்லை. இறுதி இருப்பு அவ்வளவு குறைய, ஜூலை லாபமும் அதே அளவு குறைந்து தெரியும்.

இரட்டைப் பதிவில் 'வழிச்சரக்கு' என்று கற்பனையாக ஒரு குடோன் திறக்கிறோம். டேலியில் இதற்குத் தடையில்லை. லாரி கிளம்பும்போது கோவையிலிருந்து வழிச்சரக்குக்கு ஒரு பதிவு. இறங்கி எண்ணியபின் அங்கிருந்து திருநெல்வேலிக்கு இன்னொன்று. வேலை இரண்டு மடங்குதான். ஆனால் 98 நல்லதாகவும் 2 உடைந்தும் வந்தால், அந்த இரண்டும் வழிச்சரக்கில் தங்கி நம்மைக் கேள்வி கேட்கும். ஒரே பதிவில் அந்தக் குறை அடுத்த இருப்புக் கணக்கெடுப்பில்தான் தெரியும். அதற்குள் லாரிக்காரரிடம் நஷ்டஈடு கேட்கும் வாய்ப்பு போய்விடும்.

லாரி வாடகையும் ஏற்றுஇறக்குக் கூலியும் சேர்த்து 10,000 ரூபாய். இதை வந்த மாதமே செலவில் எழுதுவது ஒரு வழி. மோட்டாருக்கு 100 ரூபாயாகச் சரக்கின் மேல் ஏற்றுவது மற்றொன்று. விற்கும் இடத்துக்குச் சரக்கைக் கொண்டுவரும் செலவு இருப்பு மதிப்பில் சேரும் என்பது கணக்கியல் தரநிலை 2. ஆகஸ்டில் 58 விற்று 40 மிஞ்சினால், செலவில் எழுதியவருக்கு அந்த மாத லாபம் 4,000 ரூபாய் குறைவாகத் தெரியும். உடைந்த இரண்டின் 12,200 ரூபாயைத் தனியே நஷ்டத்தில் எழுத வேண்டும். நல்ல மோட்டார்களின் விலையில் ஏற்றக் கூடாது. வாடகைக்கு ஜூலையிலேயே முன்பணம் கொடுத்திருந்தால், சரக்கு இறங்கும்வரை அது முன்பணமாகவே நிற்கட்டும்.

விற்காத மோட்டாரைக் கோவைக்கே திருப்பினால் கதை வேறு. அந்த வாடகை சரக்கின் மதிப்பைக் கூட்டாது; அது வெறும் செலவு.

இரண்டு குடோனும் தமிழ்நாட்டில் ஒரே ஜிஎஸ்டி எண்ணில் இருந்தால் வரி கிடையாது, டெலிவரி செலானும் இ-வே பில்லும் போதும். இரண்டாவது குடோன் பாலக்காட்டில் இருந்தால் வரி இன்வாய்ஸே போட வேண்டும்.

மாதக் கடைசியில் வழிச்சரக்குப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு வரிக்கும் ஒரு செலான், ஒரு லாரி எண் இருக்க வேண்டும். செலான் தேதி மூன்று நாளைக் கடந்திருந்தால் உடனே லாரி ஆபீசுக்குப் போன் போடுங்கள்.