வெள்ளிக் கடிகாரம் வரைந்த கோடு

பதினான்காம் நூற்றாண்டின் நடுவில், பாரிஸ் நகரத்தில் நிக்கோல் ஒரேம் என்ற அறிஞர் வேகத்தைப் படமாக வரைந்து பார்த்தார். கிடைக்கோட்டில் நேரத்தைக் குறித்தார். ஒவ்வொரு கணத்திலும் வேகம் எவ்வளவோ, அவ்வளவு உயரத்துக்கு ஒரு செங்குத்துக்கோடு நிறுத்தினார். வேகம் சீராகக் கூடினால் கோடுகளின் உச்சிகள் சேர்ந்து ஒரு முக்கோணம் ஆயின. அந்த முக்கோணத்தின் பரப்புதான் கடந்த மொத்தத் தூரம் என்று ஒரேம் கண்டுகொண்டார். ஆனால் அவர் கண்டது பயணம் முடிந்த பிறகு கிடைக்கும் ஒரே ஒரு மொத்தம். பாதி வழியில் எவ்வளவு சேர்ந்திருந்தது, அதற்குச் சற்று முன்னால் எவ்வளவு என்று கணத்துக்குக் கணம் கேட்டு, அந்த மொத்தத்தையே இன்னொரு கோடாக வரைய அவருக்குத் தோன்றவில்லை. அதற்கு முந்நூறு ஆண்டுகள் ஆயின. அப்போதும் அந்தக் கோடு பிறந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

ஐசக் பாரோ கேம்பிரிட்ஜில் லூகாஸ் கணிதப் பேராசிரியர் பதவியை முதன்முதலில் வகித்தவர். இளம் வயதில் கிழக்கு நோக்கிக் கப்பலேறியபோது, தாக்க வந்த கொள்ளையரை எதிர்த்து மேல்தளத்தில் நின்று போராடியவர். 1669இல் அந்தப் பதவியை ஐசக் நியூட்டன் என்ற இளைஞருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு இறையியலுக்குப் போனார். மறு ஆண்டு அவருடைய வடிவியல் சொற்பொழிவுகள் புத்தகமாக வந்தன. பத்தாம் சொற்பொழிவில், பதினோராவது கூற்றாக, மற்றக் கூற்றுகளோடு கூற்றாக, ஒரு படம் இருந்தது. ஒரு நேர்கோடு, அதன் ஒருபுறம் ஒரு வளைகோடு, மறுபுறம் இன்னொரு வளைகோடு. அந்த இரண்டாவது கோட்டை பாரோ அமைத்த விதத்தில்தான் விஷயமே இருந்தது.

முதல் கோட்டுக்கும் அச்சுக்கும் நடுவே, தொடக்கத்திலிருந்து ஓர் இடம் வரை எவ்வளவு பரப்பு சேர்ந்திருக்கிறதோ, அதை அந்த இடத்தில் இரண்டாவது கோட்டின் உயரமாக ஆக்கினார் பாரோ. பரப்பை அப்படியே நீளமாக்க அந்தக் கால வடிவியல் ஒப்பாது. அதனால் R என்ற மாறாத நீளம் ஒன்றை எடுத்துக்கொண்டு, உயரத்தை R ஆல் பெருக்கினால் சேர்ந்த பரப்பு வரவேண்டும் என்று விதித்தார். பிறகு ஒரு துணிச்சலான கூற்றைச் சொன்னார்: இரண்டாவது கோட்டுக்கு எந்த இடத்தில் தொடுகோடு வரைந்தாலும், அதன் சாய்வு அதே இடத்தில் முதல் கோட்டின் உயரத்தை R ஆல் வகுத்த அளவுக்கே இருக்கும். முதல் கோடு எங்கே உயரமாக இருந்ததோ அங்கே இரண்டாவது செங்குத்தாக ஏறியது. முதலாவது தாழ்ந்திருந்த இடத்தில் மெதுவாக ஏறியது. இதை நிரூபிக்க அவர் எடுத்த வழிக்குள் இன்னொரு விதி ஒளிந்திருந்தது.

முதல் கோடு ஏறிக்கொண்டே போவதாக வைத்துக்கொண்டார். இரண்டாவது கோட்டின் ஓர் இடத்தில் அந்தச் சாய்வில் நேர்கோடு ஒன்றைப் போட்டார். அங்கிருந்து கொஞ்சம் பின்னால் போனால், நேர்கோடு இறங்கும் அளவை R ஆல் பெருக்கினால், அந்த இடத்தில் முதல் கோட்டின் உயரம் கொண்ட ஒரு முழுச் செவ்வகத்தின் பரப்பு வரும். ஆனால் முதல் கோடு பின்னால் தாழ்வாக இருப்பதால், அங்கே உண்மையில் இருக்கும் பரப்புப் பட்டை அந்தச் செவ்வகத்தைவிடச் சிறியது. ஆகவே இரண்டாவது கோடு அவ்வளவு இறங்காமல் நேர்கோட்டுக்கு மேலேயே நின்றது. முன்னால் போனாலோ பட்டை செவ்வகத்தைவிடப் பெரியது. அங்கும் இரண்டாவது கோடு நேர்கோட்டைத் தாண்டி மேலே போனது. இரண்டு பக்கமும் மேலேயே இருப்பதால் நேர்கோடு அதை வெட்டவில்லை, தொட்டது மட்டும்தான். முதல் கோடு இறங்கிக்கொண்டு போனாலும் இதே முடிவுதான், ஒரே ஒரு வித்தியாசம் உண்டு என்று பாரோ சேர்த்துக்கொண்டார்: அப்போது இரண்டாவது கோடு எதிர்ப்பக்கம் வளையும்.

அந்த ஒரு வரி அபாரமானது. இரண்டாவது கோடு எந்தப் பக்கம் வளைகிறது என்பதை முதல் கோட்டின் உயரம் தீர்மானிக்கவில்லை. அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே தீர்மானித்தது. முதல் கோடு ஏறி, ஓர் உச்சியைத் தொட்டு, இறங்கினால்? பின்னால் உள்ள பட்டையும் சிறியது, முன்னால் உள்ள பட்டையும் சிறியது. தொடுகோடு ஒருபுறம் இரண்டாவது கோட்டுக்குக் கீழேயும் மறுபுறம் மேலேயும் ஓடி, தொட்ட இடத்திலேயே அதைக் கடந்து போகும். வளைவு மாற்றப் புள்ளி அதுதான். ஆனால் பாரோ ஏற்றத்தையும் இறக்கத்தையும் தனித்தனியாகவே நிறுத்தினார், அவற்றை ஒட்டிப் பார்க்கவில்லை. அடுத்த திருப்பம் பாரிஸில், ஒரு மேசையின் மேல் நடந்தது.

கிளோத் பெரோ ஒரு மருத்துவர், கட்டடக் கலைஞர். சின்ட்ரெல்லா கதையை எழுதிய ஷார்ல் பெரோ அவருடைய தம்பி. கணித அறிஞர் லைப்னிட்ஸ் 1672 முதல் 1676 வரை பாரிஸில் இருந்த காலத்தில், பெரோ தம் வெள்ளிக் கடிகாரத்தை எடுத்து மேசையின் நடுவில் வைத்தார். அதன் சங்கிலியின் நுனியைப் பிடித்து, ஓர் அளவுகோலை ஒட்டி நேராக இழுத்துக்கொண்டே போனார். கடிகாரம் ஒரு வளைவில் ஊர்ந்து வந்தது. அது என்ன வளைவு என்று கேட்டார். வேடிக்கைக் கேள்வி போலத்தான் இருந்தது. லைப்னிட்ஸ் அதில் வேறொன்றைப் பார்த்தார்.

கடிகாரம் சங்கிலியின் திசையிலேயே நகர்ந்தது. சங்கிலிதான் ஒவ்வொரு கணத்திலும் அந்த வளைவின் தொடுகோடு. அதாவது, முதலில் வளைவு இருந்து அதற்குத் தொடுகோடு வரையப்படவில்லை. தொடுகோட்டின் திசை மட்டும் சொல்லப்பட்டது, வளைவு அதன் பின்னாலேயே பிறந்தது. 1693இல் லைப்னிட்ஸ் லைப்சிக் நகரின் ‘ஆக்டா எருடிட்டோரம்’ இதழில் இதை வெளியிட்டார். ஒரு கோடு கொடுக்கப்பட்டால், அதன் கீழ்ச் சேரும் பரப்பைக் காட்டும் கோட்டை இப்படி இழுத்தே வரைந்துவிடலாம் என்று ஒரு கருவியையும் விவரித்தார். நூல்களும் எடையும் கொண்ட அந்தக் கருவி காகிதத்தைத் தாண்டவில்லை. இழுபடும் எடை பக்கவாட்டில் வழுக்கினால் திசை தவறிவிடும், கோடும் கெட்டுவிடும். 1729இல் பாதுவா பேராசிரியர் ஜொவான்னி பொலேனி எடைக்குப் பதில் கூரிய விளிம்புள்ள சின்னச் சக்கரம் வைத்த கருவியை வெளியிட்டார். அந்தச் சக்கரம் தன் விளிம்பு காட்டும் திசையில் உருளும், பக்கவாட்டில் நகராது. ஆனாலும் எந்தக் கோட்டைக் கொடுத்தாலும் அதன் பரப்பைப் பின்தொடர்ந்து வரையும் கருவி வர இன்னும் நூற்றைம்பது ஆண்டுகள் பிடித்தன.

அதைச் செய்தவர் புரூனோ அப்தாங்க்-அபகானோவிச் என்ற போலந்துப் பொறியாளர். 1878இல் அவர் வடிவமைத்த இண்டெக்ராப் என்ற கருவியில், ஒரு வண்டி கிடைக்கோட்டின் வழியே உருண்டது. அதில் ஓர் ஊசி கொடுக்கப்பட்ட கோட்டைத் தடவிச் சென்றது. ஊசியிலிருந்து ஒரு கம்பி, R தூரத்தில் வண்டியில் நிலையாக இருந்த ஒரு முளையைத் தாண்டிப் போனது. ஆகவே கம்பியின் சாய்வு எப்போதும் உயரத்தை R ஆல் வகுத்த அளவு: பாரோ சொன்ன அதே சாய்வு. ஓர் இணைகர இணைப்பு, கூரிய சக்கரத்தைக் கம்பிக்கு இணையாகவே பிடித்துவைத்தது. பேனா சக்கரத்தோடு ஓடியது. 1881இல் இங்கிலாந்தில் சார்ல்ஸ் வெர்னன் பாய்ஸும் தனியே இப்படியொன்றைச் செய்தார். சூரிச்சின் கொராடி பட்டறை இண்டெக்ராப்களை நேர்த்தியான கருவிகளாகச் செய்து விற்றது. இனி பாரோவின் கோடு அச்சுக்குக் கீழேயும் போகலாம்.

அப்படி ஒரு கோடு அந்த ஊசியின் கீழ் வந்தது என்று வைப்போம். தொடக்கத்தில் உயரம் சுழியம், 2 செ.மீ. தாண்டும்போது 3 செ.மீ. உயரத்துக்கு நேராக ஏறி, 4 செ.மீ. வந்ததும் அச்சுக்கே இறங்கியது. அங்கே நிற்காமல் 6ஆவது செ.மீ. வரை 2 செ.மீ. ஆழத்துக்குப் போய், 8ஆவது செ.மீ.யில் மறுபடி அச்சைத் தொட்டது. R 2 செ.மீ. ஊசி முதல் ஏற்றத்தில் போனபோது கம்பி மேலும் மேலும் நிமிர்ந்தது. பேனா மேல்நோக்கி வளைந்து ஏறியது. 2ஆவது செ.மீ.யில் சேர்ந்த பரப்பு 3 சதுர செ.மீ.; பேனாவின் உயரம் 1.5. ஊசி இறங்கத் தொடங்கியது. பேனா இறங்கவில்லை.

ஏனென்றால் ஊசி இன்னும் அச்சுக்கு மேலேதான் இருந்தது. கம்பி மேல்நோக்கித்தான் சாய்ந்திருந்தது. சாய்வு மட்டும் குறைந்தது. பேனா தயங்கித் தயங்கி ஏறி, ஊசி அச்சைக் கடந்த 4ஆவது செ.மீ.யில்தான் 3 செ.மீ. என்ற உச்சியை அடைந்து கிடைத்திசையில் ஒரு கணம் ஓடியது. பிறகு கம்பி கீழ்நோக்கிச் சாய்ந்தது, பேனா இறங்கியது, இறக்கம் வேகம் பிடித்தது. 6ஆவது செ.மீ.யில் உயரம் 2. அங்கே ஊசி மேலே திரும்பியது. இப்போதும் பேனா திரும்பவில்லை. அச்சுக்குக் கீழே இருக்கும்வரை இறக்கம்தான். ஆனால் இறக்கம் தணிந்து, வளைவு பக்கம் மாறி, 8ஆவது செ.மீ.யில் 1 செ.மீ. உயரத்தில் மட்டமானது. ஊசியின் உச்சியிலும் அடியிலும் பேனா வளைவை மட்டும் மாற்றியது. ஏற்றத்தை இறக்கமாக மாற்றியது ஊசி அச்சைக் கடந்த இடம் மட்டுமே. பாரோ தனித்தனியாக நிறுத்திய இரண்டு நிலைகளும் ஒரே கோட்டில் ஒட்டின.

கணினிகள் வந்ததும் இண்டெக்ராப்கள் அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிகளுக்குப் போய்ச் சேர்ந்தன. ஆனால் அவை செய்த வேலை எழுதுகோலுக்குத் திரும்பி வந்தது. f என்ற கோட்டைக் கொடுத்து, தொடக்கத்திலிருந்து x வரை சேர்ந்த மொத்தமான F எங்கே ஏறும், எங்கே இறங்கும், எங்கே வளையும் என்று கேட்டு வரையச் சொல்லும் கேள்வி, கல்லூரி நுண்கணித வகுப்புகளிலும் அமெரிக்காவின் ஏ.பி. கால்குலஸ் தேர்விலும் பழகிப்போன ஒன்று. சமன்பாடு கிடையாது, R ஒன்று என்று எடுத்துக்கொள்ளப்படுவதால் அதைப் பற்றிய பேச்சும் கிடையாது. அதில் அடிக்கடி நடக்கும் தவறு, f இறங்குவதைப் பார்த்ததும் F ஐயும் இறக்கிவிடுவது. அந்தத் தவறைக் கண்டுபிடிப்பது எளிது: F உச்சியில் நிற்கும் இடத்துக்கு நேரே f அச்சைக் கடக்கவில்லை என்றால் படம் தவறு.

இன்னொரு தவறு நுட்பமானது. மேலே சொன்ன கோடு 8ஆவது செ.மீ.யில் அச்சைத் தொட்டது. அங்கிருந்து அது அச்சுக்கு மேலே போனால், F அங்கே ஒரு பள்ளத்தின் அடியை அடைந்து திரும்பி ஏறும். அப்படிப் போகாமல் அச்சைத் தொட்ட கையோடு மறுபடி கீழே இறங்கினால், F ஒரு கணம் மட்டமாகி, மீண்டும் இறக்கத்தைத் தொடரும். அங்கே பள்ளமும் இல்லை, உச்சியும் இல்லை. f சுழியம் ஆன இடத்தைக் குறித்தால் மட்டும் போதாது. அதன் இரண்டு பக்கமும் அது அச்சுக்கு மேலா கீழா என்று பார்த்தாக வேண்டும். தொடக்க உயரத்தை மட்டும் f சொல்லாது. பேனாவைக் காகிதத்தில் எந்த உயரத்தில் வைத்துத் தொடங்கினாலும் அதே வடிவம்தான் விழும், மேலேயோ கீழேயோ நகர்ந்து.